‘யார் செய்தது?’ என்று தொடங்காத ஆர்.சி.ஏ. கூட்டம்

கேள்வி: எங்கள் அணியில் 8 பேர். போன மாதம் ஒரு ரிலீஸ் சொதப்பி, வாடிக்கையாளரின் பில்லிங் அரை நாள் நின்றுபோனது. தவறின் மூலகாரணத்தைத் தேடும் ஆர்.சி.ஏ. மீட்டிங்கை மேனேஜர் “யார் செய்தது?” என்றுதான் ஆரம்பித்தார். கான்ஃபிக் ஃபைலை மாற்றிய ஜூனியர் பையன் மன்னிப்பு மெயில் போட்டான், விஷயம் முடிந்தது. இப்போது யாரும் எதற்கும் வாய் திறப்பதில்லை. அடுத்த முறை நான்தான் நடத்த வேண்டும். ஒருவரைப் பலிகொடுக்காமலும், நடந்ததை மழுப்பாமலும் எப்படி நடத்துவது?

பதில்: ஒரு கேள்வி மிச்சமிருக்கும்போதே உங்கள் விசாரணை நின்றுவிட்டது. அந்த நேரத்தில், அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பையனுக்கு, அந்த மாற்றம் சரி என்று ஏன் தோன்றியது? இதற்கான பதிலில்தான் திருத்த வேண்டியவை எல்லாம் இருக்கும். வெளிப்படையாகப் பதிவான ஒரு சம்பவத்தை வைத்துப் பார்த்தால் இது புரியும்.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் உருவாக்குபவர்களுக்கான இணையச் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் ஒரு பொறியாளர், தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்தார். நகல் சர்வரான `db2` என்று நினைத்துக்கொண்டு முதன்மை சர்வரான `db1`-இல் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் எஞ்சியது. உங்கள் மேனேஜர் அங்கே இருந்திருந்தால் கூட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ஆனால் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை அந்தக் கட்டளைக்கு முந்தைய சில மணி நேரத்துக்குப் போகிறது. ஸ்பேம் தாக்குதலால் டேட்டாபேஸில் சுமை ஏறி, `db2`-இல் இருந்த நகல் பின்தங்கிவிட்டது. அதை மறுபடி ஒத்திசைக்க `pg_basebackup` என்ற கருவியை ஓட்டினார்கள். அது எந்தச் செய்தியும் காட்டாமல் அப்படியே நின்றது. முதன்மை சர்வர் தரவை அனுப்பத் தொடங்கும்வரை அந்தக் கருவி மௌனமாகக் காத்திருக்கும், அதுதான் அதன் இயல்பு. அணியின் வழிகாட்டிக் குறிப்புகளில் இது எழுதப்படவில்லை. கோப்புறையில் கிடக்கும் பழைய கோப்புகள்தான் தடை என்று பொறியாளர் ஊகித்தார். இரவு 11 மணி ஆகிவிட்டது, கிளம்பலாம் என்று இருந்தவர் இந்தச் சிக்கலுக்காகவே தங்கியிருந்தார். இரண்டு சர்வர்களின் பெயரிலும் ஓர் எண்தான் வேறுபாடு. இத்தனையையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்த இடத்தில் வேறு யார் இருந்திருந்தாலும் அதே கட்டளையைத் தட்டியிருக்கக்கூடும்.

அடுத்த பகுதி இன்னும் முக்கியம். காப்புப் பிரதிகள் என்ன ஆயின? தினசரி காப்புப் பிரதி எடுக்கும் `pg_dump` கருவி தோற்றுக்கொண்டிருந்தது. டேட்டாபேஸ் 9.6 பதிப்பில் இருக்க, காப்புக் கருவி 9.2 பதிப்பில் ஓடியதுதான் காரணம். தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் டிமார்க் என்ற மின்னஞ்சல் சரிபார்ப்பு முறை அவற்றுக்கு அமைக்கப்படாததால் நிராகரிக்கப்பட்டன, எனவே யாருக்கும் தெரியவில்லை. கடைசியில், வேறொரு வேலைக்காகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. ஏறத்தாழ 5,000 புராஜெக்ட்கள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அந்தப் பொறியாளரை அன்றே வேலையை விட்டு அனுப்பியிருந்தாலும் காப்புப் பிரதி தோற்றுக்கொண்டேதான் இருந்திருக்கும்.

இனி உங்கள் கூட்டம். பாதி வேலை கூட்டத்துக்கு முன்பே முடிய வேண்டும். சம்பவம் நடந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் லாக், சாட், டிப்ளாய் பதிவுகளிலிருந்து ஒரு காலவரிசை தயாரியுங்கள். நேரம், என்ன செய்யப்பட்டது, அப்போது திரையில் என்ன தெரிந்தது என்று மூன்று நெடுவரிசைகள் கொண்ட அட்டவணை போதும். பெரும்பாலோர் விட்டுவிடுவது மூன்றாவதைத்தான். “14:10, கான்ஃபிக் மாற்றப்பட்டது” என்று மட்டும் எழுதினால் படிப்பவர் கண் ஆளைத் தேடும். “14:10, டெஸ்ட் சூழலில் பச்சை காட்டியது, அங்கே பில்லிங் சேவையே இணைக்கப்படவில்லை” என்று எழுதினால் கண் டெஸ்ட் சூழலுக்குப் போகும்.

பிறகு சம்பவத்தில் நேரடியாக ஈடுபட்ட ஒவ்வொருவரிடமும் தனியாக 20, 30 நிமிடம் பேசுங்கள். “ஏன் அப்படிச் செய்தாய்?” என்ற கேள்வி நம் ஊர் அலுவலகங்களில் திட்டுவதாகத்தான் காதில் விழும்; பதிலும் சாக்குப்போக்காகத்தான் வரும். “அப்போது என்ன பார்த்தீர்கள்? அடுத்து என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்? இதற்கு முன் இப்படிச் செய்தபோது என்ன ஆனது?” என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியில்தான் “எல்லோரும் இப்படித்தான் சார் செய்வோம்” என்ற உண்மை வெளியே வரும். அது வந்துவிட்டால் ஒருவர் தவறு என்ற பேச்சுக்கே இடமில்லை.

கூட்டத்தை அந்த ரிலீஸில் சம்பந்தப்படாத ஒருவர் நடத்துவது நல்லது. அடுத்த ரிலீஸ் உங்களுடையது என்றால் பக்கத்து அணியிலிருந்து ஒருவரைக் கேளுங்கள். ஒரு மணி நேரக் கூட்டத்தில் முதல் 35 நிமிடமாவது காலவரிசைக்குப் போகட்டும், தீர்வுகளை அதற்குள் பேச விடாதீர்கள். மேனேஜரிடம் முந்தைய நாளே தனியாகப் பேசி, அவர் கருத்தைக் கடைசியில் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அவர் முதலில் பேசிவிட்டால் மற்ற ஏழு பேரும் அதையேதான் வழிமொழிவார்கள். “கொஞ்சம் செக் பண்ணியிருக்கலாமே” என்ற வாக்கியம் எப்படியும் வரும். முடிவு தெரிந்தபின் எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். “எந்த இடத்தில், எதைப் பார்த்து, செக் பண்ண வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கும்?” என்று திருப்பிக் கேளுங்கள்.

மழுப்பல் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. பழி கூடாது என்று சொல்லிச் சொல்லியே “மாற்றம் செய்யப்பட்டது, பிழை ஏற்பட்டது” என்று ஆளே இல்லாத அறிக்கை எழுதும் அணிகள் உண்டு. யார் என்ன செய்தார் என்பது காலவரிசையில் இருந்தே ஆக வேண்டும். பெயருக்குப் பதில் ‘டிப்ளாய் செய்தவர்’, ‘ஆன்-கால் பொறியாளர்’ என்று பொறுப்பை எழுதலாம். கிட்லேப் அறிக்கையும் பெயர் சொல்லாமல்தான் எழுதப்பட்டது. தெரிந்தே பாதுகாப்பு விதியை மீறியது, பதிவை அழித்து மறைத்தது போன்றவை வேறு வகை. அவற்றை மேனேஜரும் ஹெச்.ஆரும் தனியாகப் பார்க்கட்டும், இந்த மேசைக்குக் கொண்டுவர வேண்டாம். அதேபோல் இந்த அறிக்கை அப்ரைசலில் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும் போதும், அடுத்த கூட்டத்தில் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள்.

நடவடிக்கைப் பட்டியல் மூன்று, நான்கைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி. பெயர் போட வேண்டிய இடம் இதுதான். “இனி கவனமாக இருக்க வேண்டும்”, “டீமுக்குப் பயிற்சி” என்று வந்தால் அடித்துவிடுங்கள், அவை வெறும் அறிவுரை. நல்ல நடவடிக்கை என்றால், ஆள் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் வேலை செய்ய வேண்டும். எந்த சர்வரில் இருக்கிறோம் என்று டெர்மினல் வரியே காட்டும்படி மாற்றுவதும், காப்புப் பிரதியை உண்மையிலேயே மீட்டெடுத்துச் சோதிப்பதும் அப்படிப்பட்டவை.

அடுத்த சொதப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தப் பில்லிங் ஃபைலையே திறந்து, அந்தப் பையனோடு முதல் அரை மணி நேரம் உட்காருங்கள். அவன் மாற்றிய வரியை நிறுத்தும் சோதனை எதுவும் இன்னும் பைப்லைனில் இல்லையென்றால், நாளைக்கே வேறொருவரும் அதே வரியை மாற்றலாம்.