மூன்று மொழியில் டப்பிங்: ஸ்டூடியோவிடம் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

கேள்வி: ஆரி எம்பிராய்டரி சொல்லித்தரும் யூடியூப் சேனல் நடத்துகிறேன். பிரேசில், மெக்சிகோ, அரபு நாடுகளிலிருந்தும் பார்க்கிறார்கள். 14 நிமிட வீடியோ ஒன்றை அந்த மூன்று மொழிகளிலும் டப் செய்ய ஒரு ஸ்டூடியோவில் விசாரித்தேன். நிமிடக் கணக்கில் ரேட் சொல்கிறார்கள். மொழிக்கு ஒரு சேனல் தொடங்க வேண்டுமா? பணம் கொடுக்குமுன் எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகி, காஞ்சிபுரம்

பதில்: தனிச் சேனல்கள் வேண்டாம். ஒரே வீடியோவில் பல ஆடியோ டிராக்குகளை ஏற்றும் வசதியை யூடியூப் 2023இல் சில சேனல்களுக்குத் தந்து, 2025 செப்டம்பரில் பரவலாகத் திறந்துவிட்டது. பார்வைகளும் கமென்டுகளும் ஒரே இடத்தில் சேரும். முன்பணம் கொடுக்குமுன், யூடியூப் ஸ்டூடியோவின் Languages பகுதியில் உங்கள் சேனலுக்கு ஆடியோ ஏற்றும் வசதி வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எந்த நிமிடத்துக்கு ரேட் என்பதை எழுதி வாங்குங்கள். உங்கள் வீடியோவில் பேச்சு 9 நிமிடம்தான், மீதி கைவேலை என்று வைத்துக்கொள்வோம். வீடியோ நீளத்துக்கு என்றால் மூன்று மொழிக்கும் 42 நிமிடத்துக்குக் கட்ட வேண்டும். பேச்சுக்கு மட்டும் என்றால் 27தான்.

பலர் ஏமாறுவது ஃபைலில்தான். டப்பிங் டிராக் உங்கள் பழைய ஒலிக்கு மேல் சேராது. அதை முழுவதுமாக மாற்றிவிடும். ஸ்டூடியோ வெறும் குரலை மட்டும் கொடுத்தால், பிரேசில்காரருக்குப் பின்னணி இசையும் கேட்காது, துணியை ஊசி குத்தும் சத்தமும் கேட்காது. வாக்கியங்களுக்கு நடுவே வெறும் நிசப்தம். எனவே உங்கள் பேச்சு நீங்கலாக இசையும் மற்ற ஒலிகளும் உள்ள டிராக்கை எடிட்டரிடம் தனியாக எடுத்து ஸ்டூடியோவுக்குக் கொடுங்கள். எல்லாம் கலந்த முழு மிக்ஸையும், பின்னால் திருத்த வசதியாகக் குரல் மட்டும் உள்ள ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். பிரேசிலுக்குப் பிரேசில் போர்ச்சுகீசும், மெக்சிகோவுக்கு லத்தீன் அமெரிக்க ஸ்பானிஷும் வேண்டும் என்பதையும் ஆர்டரிலேயே எழுதுங்கள்.

பாக்கிப் பணத்தைக் கொடுக்குமுன் வீடியோவை Private ஆக ஏற்றி, டிராக்குகளைச் சேர்த்து, செட்டிங்ஸில் Audio track மாற்றி ஓட்டிப் பாருங்கள். "இப்போது முடிச்சுப் போடுங்கள்" என்ற வரி, கை முடிச்சுப் போடும்போதே வருகிறதா என்று தொடக்கம், நடு, கடைசி மூன்று இடங்களிலும் பார்க்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே அளவு பிந்தினால் தொடக்கத்தில் நகர்த்தினாலே சரியாகும். முதலில் சரியாக இருந்து போகப்போகப் பிந்தினால் ஸ்டூடியோ வேறு ஃபிரேம் ரேட்டில் வேலை செய்திருக்கிறது. விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் வீடியோவை 24 என்று எடுத்துக்கொண்டால் உங்கள் 14 நிமிடம் 35 விநாடி நீண்டுவிடும். 24க்குப் பதில் 23.976 என்றால் கடைசியில் முக்கால் விநாடிக்குச் சற்று மேல் விலகும். இதை நீங்கள் சரிசெய்ய முயல வேண்டாம். இலவசமாகத் திருத்தித் தருவது ஸ்டூடியோவின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

தலைப்பையும் விவரத்தையும் அந்த மொழிகளில் எழுதித் தருவார்களா என்றும் கேளுங்கள். தலைப்பு புரியாவிட்டால் வீடியோவையே திறக்க மாட்டார்கள்.