பாதியில் நின்றுபோன நோயாளியின் பங்கு யாருக்குப் போகிறது?

கேள்வி: எங்கள் ஆய்வில் சில நோயாளிகள் பாதியிலேயே வருவதை நிறுத்திவிட்டார்கள். உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியவில்லை. சர்வைவல் கர்வ் போடும்போது இவர்களை எப்படிக் கணக்கில் எடுப்பது? நீக்கிவிடலாமா?

நீக்காதீர்கள். இறந்தவராகவும் எண்ண வேண்டாம், கடைசி வரை நன்றாக இருந்தவராகவும் எண்ண வேண்டாம். கடைசியாக அவரைப் பார்த்த நாள் வரை அவர் தகவல் தந்திருக்கிறார். அதுவரைக்கும் கணக்கில் வைத்து, அதற்குப் பிறகு எடுத்துவிட வேண்டும். கப்ளான், மையர் இருவரும் 1958-இல் கொடுத்த முறை இதைத்தான் செய்கிறது. ஆனால் அவரை எடுக்கும்போது கணக்குக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான், எப்போது இந்த முறையை நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்பது புரியும்.

ஒரு பழைய உதாரணத்தைக் கையால் போட்டுப் பார்ப்போம். 1963-இல் அமெரிக்காவில் வெளியான அக்யூட் லுகேமியா ஆய்வு ஒன்றில், ரெமிஷனில் இருந்த 21 பேருக்கு 6-மெர்கேப்டோப்யூரின் மருந்து கொடுத்தார்கள். நோய் திரும்பும்வரை எத்தனை வாரம் ஆனது என்பதுதான் கேள்வி. எண்கள் இவை, + போட்டவர்கள் சென்சார் ஆனவர்கள், அதாவது அந்த வாரம் வரை நோய் திரும்பவில்லை, பிறகு தெரியாது:

6, 6, 6, 6+, 7, 9+, 10, 10+, 11+, 13, 16, 17+, 19+, 20+, 22, 23, 25+, 32+, 32+, 34+, 35+

முதல் ஆறாவது வாரம். அதுவரை 21 பேரும் கண்காணிப்பில் இருந்தார்கள், 3 பேருக்கு நோய் திரும்பியது. எனவே 18/21, அதாவது 0.857. அதே ஆறாவது வாரத்தில் ஒருவர் சென்சார் ஆகியிருக்கிறார். ஒரே நேரத்தில் இரண்டும் நடந்தால் நோய் திரும்பியதை முதலில் எண்ணுவது வழக்கம், அதனால் அவரும் அந்த 21-க்குள் உண்டு. அவர் போனதால் வளைவு இறங்காது. ஆனால் ஏழாவது வாரத்தில் மிஞ்சியவர்கள் 17 பேர்தான். அவர்களில் ஒருவருக்கு நோய் திரும்பியது: 0.857 × 16/17 = 0.807. இப்படியே நோய் திரும்பிய ஒவ்வொரு வாரத்திலும் பெருக்கிக்கொண்டே போனால் 20-ஆம் வாரத்தில் 0.627 வருகிறது.

சென்சார் ஆனவர்களை நீக்கியிருந்தால்? மிஞ்சும் 9 பேரில் 20 வாரத்தைத் தாண்டியவர்கள் 2 பேர், அதாவது 0.22. நல்ல மருந்து உருப்படாததாகத் தெரியும். நோய் திரும்பாமல் இருந்தவர்களை மட்டும் பொறுக்கி வெளியே போட்டால் வேறு என்ன வரும்?

இனி முக்கியமான இடம். ஆறாவது வாரத்தில் ஒரு நோய் திரும்பலுக்கு வளைவு 1/21, அதாவது சுமார் 0.048 இறங்கியது. ஏழாவது வாரத்தில் அதே ஒரு ஆளுக்கு 0.050 இறங்கியது. இந்தக் கொஞ்சம் கூடுதல் எங்கிருந்து வந்தது? தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் 1/21 பங்கு. ஆறாவது வாரத்தில் போனவரின் பங்கை மீதி 17 பேரும் சமமாகப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினை மாதிரிதான், ஒவ்வொருவரின் பங்கும் 18/17 மடங்கு ஆகிவிட்டது. அடுத்து 9-ஆம் வாரத்தில் போனவரின் பங்கும் இப்படியே அவருக்குப் பின்னால் இருந்தவர்களுக்குப் போகும். பெருக்கினாலும் பங்கு பிரித்தாலும் ஒரே விடைதான். எஃப்ரான் 1967-இல் இதைக் காட்டினார். எனக்கு இந்த இரண்டாவது பார்வைதான் பிடிக்கும், ஏனென்றால் அனுமானம் எங்கே இருக்கிறது என்று அதில் பளிச்சென்று தெரிகிறது: போனவருக்கு இனி நடக்கப்போவது, இருப்பவர்களுக்கு நடப்பது போலவேதான் இருக்கும் என்று நம்பித்தான் பங்கைக் கைமாற்றுகிறோம்.

ஆய்வு முடிந்ததால் சென்சார் ஆனவர்களுக்கு இந்த நம்பிக்கை பெரும்பாலும் சரி. தாமதமாகச் சேர்ந்தவருக்குக் கண்காணிப்புக் காலம் குறைவு, அவ்வளவுதான். வருவதை நிறுத்தியவர் கதை வேறு. உடம்பு முடியாமல் வராதவர் இருப்பார், வீட்டிலேயே இறந்தவர் இருப்பார், குணமாகிவிட்டது என்று வேலைக்குப் போனவரும் இருப்பார். இந்தக் காரணங்களைக் கணக்கு கேட்பதே இல்லை, எல்லாருக்கும் ஒரே + குறிதான். அதனால் டேட்டா ஷீட்டில் சென்சார் ஆன காரணத்துக்குத் தனி நெடுவரிசை வையுங்கள்.

சரி, பாதிப்பு எவ்வளவு என்று எப்படித் தெரியும்? மேலே உள்ள பட்டியலில் 6+, 9+, 10+, 11+ நால்வரும் காணாமல் போனவர்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நால்வருக்கும் போன உடனே நோய் திரும்பியது என்று போட்டால் 20-ஆம் வாரத்தில் 10/21, அதாவது 0.476. நால்வருக்கும் கடைசிவரை திரும்பவே இல்லை என்றால் 14/21, அதாவது 0.667. நமக்கு வந்த 0.627 நல்ல பக்கத்துக்குத்தான் நெருக்கமாக இருக்கிறது. தப்பு நடந்தால் எந்தத் திசையில் அதிகம் நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். R-இல் இதைப் போட இவ்வளவுதான் வேலை:

```r
library(survival)
time   <- c(6,6,6,6,7,9,10,10,11,13,16,17,19,20,
            22,23,25,32,32,34,35)
status <- c(1,1,1,0,1,0,1,0,0,1,1,0,0,0,
            1,1,0,0,0,0,0)
summary(survfit(Surv(time, status) ~ 1))
```

`status`-இல் 1 என்றால் நிகழ்வு நடந்தது, 0 என்றால் சென்சார். அந்த நால்வரின் 0-வை 1 ஆக்கினால் மோசமான நிலை, அவர்களின் `time`-ஐ 35 ஆக்கினால் நல்ல நிலை. இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். உங்கள் முடிவு இரண்டிலும் நின்றால் நிம்மதி. அப்புறம் `1 - status` கொடுத்து ஒரு வளைவு போடுங்கள். எவ்வளவு வேகமாக ஆட்கள் கண்காணிப்பை விட்டுப் போகிறார்கள் என்று அது காட்டும். இரண்டு சிகிச்சைக் குழுக்களில் ஒன்று மட்டும் வேகமாக இறங்கினால் சந்தேகப்பட வேண்டும்.

தேதிகளில் ஒரு தப்பு அடிக்கடி கண்ணில் படுகிறது. வராமல் போனவருக்கு ஆய்வு முடிந்த தேதியைப் போட்டுவிடுவார்கள். அது அவர் அதுவரை உயிரோடு இருந்தார் என்று சொல்வதற்குச் சமம். கடைசியாக நேரில் பார்த்த தேதி, அல்லது ஃபோனில் பேசி உறுதி செய்த தேதிதான் வர வேண்டும்.

காணாமல் போனவர்கள் நிறைய இருந்தால் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது, தேடித்தான் ஆக வேண்டும். எல்லாரையும் தேட முடியாவிட்டால் ஒரு பகுதியைத் தேடுங்கள். உகாண்டாவின் ம்பராராவில் எச்ஐவி சிகிச்சை பெற்றவர்களிடம் ஒரு குழு இப்படிச் செய்தது. காணாமல் போனவர்களில் சிலரைத் தேர்ந்தெடுத்து, என்ன ஆனார்கள் என்று விசாரித்தபோது, சென்சார் செய்து போட்ட கணக்கைவிட இறப்பு விகிதம் பல மடங்கு அதிகமாக வந்தது. உங்களிடம் 40 பேர் காணவில்லை, அவர்களில் 10 பேரின் நிலை தேடித் தெரிந்தது என்றால், அந்தப் பத்துப் பேருக்கும் தலா 4 எடை, தேடாத 30 பேருக்கு 0, மற்ற எல்லாருக்கும் 1. `survfit`-இல் `weights` என்ற இடத்தில் இதைக் கொடுக்கலாம், கூடவே `robust = TRUE` சேருங்கள். அந்தப் பத்துப் பேரைக் குலுக்கல் முறையில்தான் எடுக்க வேண்டும். ஃபோன் எடுத்த பத்துப் பேரை வைத்துக்கொண்டால், உயிரோடு இருப்பவர்களைத்தான் மறுபடியும் பொறுக்கியிருப்பீர்கள்.