சம்பள அக்கவுண்டை மாற்றக் கேட்ட மெயிலை எப்படித் திருத்தி எழுதுவது?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் மெஷின் ஆபரேட்டராக இருக்கிறேன். வீடு ராயக்கோட்டை. ஊரிலேயே புது அக்கவுண்ட் திறந்துவிட்டேன். "சார், என் சம்பள அக்கவுண்டை மாற்ற வேண்டும். புது நம்பர் இது, ஐஎஃப்எஸ்சி இது. என் போன் நம்பரும் மாறிவிட்டது, இதுதான் புதுசு. அவசரம், இந்த மாதமே மாற்றிக் கொடுங்கள்" என்று என் சொந்த மெயிலில் இருந்து பே-ரோலுக்கு அனுப்பினேன். "சரிபார்க்க விவரம் போதாது" என்று திருப்பிவிட்டார்கள். நம்பர் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இன்னும் என்ன எழுத வேண்டும்?

பதில்: இதே வட்டாரத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அந்த மேஜையிலிருந்து பார்த்தால் உங்கள் மெயில் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

பணியாளர் பெயரில் போலி மெயில் அனுப்பி, சம்பளத்தைத் தங்கள் கணக்குக்குத் திருப்பிக்கொள்ளும் மோசடி ஒன்று உண்டு. அந்த மெயில்கள் பெரும்பாலும் சொந்த மெயில் ஐடி மாதிரி ஒன்றிலிருந்து வரும், போன் நம்பர் மாறிவிட்டது என்று சொல்லும், அவசரப்படுத்தும். உங்கள் மெயிலில் இந்த மூன்றுமே இருக்கின்றன. திருப்பி அனுப்பியவர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

முதலில் அந்த போன் நம்பர் விஷயத்தைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். கணக்கு மாற்றம் கேட்டு வரும் மெயிலில் உள்ள நம்பருக்குக் கூப்பிட்டுச் சரிபார்ப்பதில் அர்த்தமே இல்லை. மெயில் அனுப்பியவர் யாரோ அவர்தான் எடுப்பார். கம்பெனிப் பதிவில் முன்பே இருக்கும் நம்பருக்குத்தான் கூப்பிட வேண்டும். பழைய சிம் இன்னும் கையில் இருந்தால் அதையே போட்டு வையுங்கள். இல்லையென்றால் ஐடி கார்டுடன் ஹெச்.ஆர். அலுவலகத்துக்கு நேரில் போய் நம்பரை மாற்றிவிட்டு, அப்புறம் இந்த மெயிலை அனுப்புங்கள். கம்பெனி மெயில் ஐடி இருந்தால் அதிலிருந்து அனுப்புவது நல்லது. இல்லையென்றால் இதையே பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நேரில் கொடுக்கலாம்.

பழைய சிம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, உங்கள் மெயிலை இப்படி மாற்றுவேன். பெயரும் எண்களும் மாதிரிக்குத்தான்.

> பொருள்: சம்பள வங்கிக் கணக்கு மாற்றம், பணியாளர் எண் 2046, அக்டோபர் சம்பளம் முதல்
>
> ஐயா,
>
> நான் மெஷின் ஷாப்பில் ஆபரேட்டராகப் பணிபுரிகிறேன். அக்டோபர் மாதச் சம்பளம் முதல் என் சம்பளத்தைக் கீழே உள்ள புதிய கணக்கில் செலுத்தக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> இப்போது சம்பளம் வரும் கணக்கு: ஓசூர் கிளை, கடைசி நான்கு எண்கள் 4417.
>
> புதிய கணக்கு: ராயக்கோட்டை கிளை, சேமிப்புக் கணக்கு எண் 123456789012, ஐஎஃப்எஸ்சி ABCD0012345.
>
> வங்கியில் உள்ள பெயர்: கோவிந்தராஜ் முனுசாமி. கம்பெனிப் பதிவில் மு. கோவிந்தராஜ் என்று இருக்கும். முனுசாமி என் தந்தையின் பெயர்.
>
> கிளை முத்திரையுடன் பாஸ்புக் முதல் பக்கத்தை இணைத்துள்ளேன்.
>
> சரிபார்க்க, உங்கள் பதிவில் உள்ள என் செல் நம்பருக்கே (கடைசி இரண்டு எண்கள் 38) அழைக்கவும். இந்த வாரம் முதல் ஷிப்ட், மதியம் 2.30க்கு மேல் எடுப்பேன். தேவையென்றால் ஐடி கார்டுடன் நேரில் வருகிறேன்.
>
> புதிய கணக்கில் முதல் சம்பளம் வரும்வரை பழைய கணக்கை மூடமாட்டேன்.

பழைய கணக்கின் கடைசி நான்கு எண்களைப் போட்டதற்குக் காரணம் உண்டு. பே-ரோலில் இருப்பவர் அதைத் தன் திரையில் உடனே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம், வெளியாளுக்கு அது எளிதில் கிடைக்காது. அதற்காக அது ஒன்றே அடையாளம் ஆகிவிடாது, போன் அழைப்பும் வேண்டும். முழு எண் தேவைப்படுவது புதிய கணக்குக்கு மட்டும்தான். டெபிட் கார்டு எண், பின், ஓடிபி இவற்றுக்கு இந்த மெயிலில் வேலையே இல்லை. யாராவது கேட்டாலும் தராதீர்கள்.

பெயர் வரிதான் நம் ஊரில் அதிகம் இழுத்தடிப்பது. கம்பெனியில் இனிஷியல் முன்னால் இருக்கும். வங்கியில் அதை விரித்து அப்பா பெயரைப் பின்னால் போட்டிருப்பார்கள். கணக்கு சரிதானா என்று பார்க்கச் சில கம்பெனிகள் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கும், அப்போது வங்கியில் உள்ள பெயர் திரையில் தெரியும். முன்பே சொல்லாவிட்டால், "இது வேற ஆளா?" என்று அங்கேயே நிறுத்திவைப்பார்கள். மனைவியோடு கூட்டுக் கணக்கு என்றால் உங்கள் பெயர் முதலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நெஃப்டில் பணத்தை வரவு வைக்க வங்கிகள் கணக்கு எண்ணைத்தான் பார்க்கும், பெயரை ஒப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. அனுப்பும் முன் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் கொண்டுவர ரிசர்வ் வங்கி சொன்னது. ஆனால் நூற்றுக்கணக்கான பேருக்கு மொத்தமாக ஃபைல் ஏற்றும்போது ஒவ்வொரு பெயராக யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒரு எண் தப்பாகி அந்த எண்ணில் இன்னொருவர் கணக்கு இருந்துவிட்டால், உங்கள் சம்பளம் அவருக்குப் போய்விடும். திரும்ப வாங்குவது பெரும்பாடு. அதனால்தான் அச்சிட்ட ஆதாரம் கேட்கிறார்கள். கணக்கு திறந்ததும் தரும் செக் புத்தகத்தில் சில நேரம் பெயர் அச்சிட்டிருக்காது, அந்தச் செக்கை ரத்து செய்து இணைத்தாலும் செல்லாது. முத்திரையுள்ள பாஸ்புக் பக்கம் போதும்; போட்டோவில் எண்கள் மங்காமல் இருக்கட்டும்.

ஐஎஃப்எஸ்சியில் மொத்தம் 11 இடம், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே ஆங்கில ஓ எழுத்தைப் போட்டு அனுப்புகிறவர்கள் நிறைய. பழைய பாஸ்புக்கைப் பார்த்து எழுதுபவர்களுக்கு இன்னொன்று: சிண்டிகேட் வங்கி 2020இல் கனரா வங்கியோடு இணைந்த பிறகு SYNB என்று தொடங்கும் குறியீடுகள் 2021 ஜூலை முதல் செல்லாது. இணைந்த வங்கி எதுவானாலும் கிளையில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷிப்ட் நேரம் எழுதச் சொன்னது சின்ன விஷயம் மாதிரி இருக்கும். பல கம்பெனிகளில் போன் லாக்கரில்தான். பே-ரோலில் காலை பதினொரு மணிக்குக் கூப்பிடுவார்கள், யாரும் எடுக்க மாட்டார்கள். "அழைத்தோம், பதில் இல்லை" என்று குறித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போவார்கள். அதற்குள் அந்த மாதத்துக்கு மாற்றம் ஏற்கும் கடைசித் தேதி தாண்டிவிடும்.

அந்தத் தேதி கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உங்கள் ஹெச்.ஆரிடம் கேளுங்கள். தாண்டிவிட்டால் அந்த மாதச் சம்பளம் பழைய கணக்குக்கே போகும். அது மூடியிருந்தால் பணம் கம்பெனிக்குத் திரும்பி, மறுபடி தனியாகப் போட்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். பழைய கணக்கிலிருந்து வண்டிக் கடன் தவணை பிடிக்கிறார்கள் என்றால் அதை மாற்றும்வரை அங்கே பணம் இருக்கட்டும். அந்த வங்கியில் சம்பளத்தைக் காட்டிக் கடன் வாங்கும்போது, சம்பளம் அங்கேயே வரும் என்று கம்பெனி கடிதம் கொடுத்திருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்று இல்லாமல் பே-ரோலில் கணக்கை மாற்ற மாட்டார்கள். அதையும் சேர்த்தே இணைத்துவிடுங்கள்.

பி.எஃப். கணக்கில் உள்ள வங்கி விவரம் இதனால் தானாக மாறாது. அதை உங்கள் யு.ஏ.என். உள்நுழைவில் கேஒய்சி பகுதியில் தனியாக மாற்ற வேண்டும்.