கேள்வி-பதில்: கூத்துக் காணொளியில் பின்தங்கும் பாட்டு

கேள்வி: எங்கள் கோயிலில் இரவு நடந்த கோவலன் கூத்தைக் கைபேசியில் ஒரே தொடராக 50 நிமிடம் பதிவு செய்தேன். கைபேசியில் சரியாக ஓடுகிறது. எடிட்டிங் மென்பொருளில் இட்டால் தொடக்கத்தில் பாட்டும் வாயசைவும் பொருந்துகின்றன, முடிவில் பாட்டு ஆறு விநாடி பிந்தி வருகிறது. கணினி பழையது, புதிது வாங்குங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?
— ஒரு வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: வாங்க வேண்டாம். முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். காணொளியின் கடைசி இரண்டு நிமிடங்களை மட்டும் எடிட்டிங் மென்பொருளிலிருந்து ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பைச் சாதாரண பிளேயரில் ஓட்டுங்கள். கணினியின் வேகக் குறைவு என்றால் எடிட்டிங் திரையில்தான் படம் திக்கும்; ஏற்றுமதியான கோப்பில் பாட்டும் வாயும் ஒன்றாகவே இருக்கும். அதிலும் பாட்டு பிந்தினால், கோளாறு மூலக் கோப்பை மென்பொருள் வாசிக்கும் விதத்தில் இருக்கிறது. நீங்கள் சொல்லும் அறிகுறி, அதாவது தொடக்கத்தில் இல்லாத இடைவெளி போகப் போகக் கூடுவது, இந்த இரண்டாவது வகையையே காட்டுகிறது. முதல் விநாடியிலிருந்தே ஒரே அளவாகப் பிந்தியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டும். புளூடூத் ஹெட்போன் மாட்டிக் கேட்பவர்களுக்கு அப்படித் தோன்றுவது வழக்கம்.

விநாடிக்கு 30 பிரேம் என்று அமைத்திருந்தாலும், பல கைபேசிகள் அந்த எண்ணிக்கையைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பதில்லை. வெளிச்சம் குறையும்போது ஒவ்வொரு பிரேமுக்கும் கூடுதல் நேரம் ஒளி வாங்க வேண்டியிருப்பதால் எண்ணிக்கை இறங்கும். கருவி சூடேறினாலும் சில பிரேம்கள் தவறும். ஒலி மட்டும் மாறாத வேகத்தில் பதிவாகிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பிரேமும் எந்த நேரத்தில் தோன்ற வேண்டும் என்பது கோப்பிலேயே குறிக்கப்பட்டிருப்பதால், அதைப் பின்பற்றும் கைபேசியில் எல்லாம் சரியாக ஓடுகிறது. சில எடிட்டிங் மென்பொருள்களோ அந்தக் குறிப்பை விட்டுவிட்டு, பிரேம்களைச் சம இடைவெளியில் அடுக்கிவிடுகின்றன.

உங்கள் 50 நிமிடம் 3,000 விநாடி. அதற்கு 90,000 பிரேம் இருக்க வேண்டும். மேடை விளக்கு மங்கிய காட்சிகளில் 180 பிரேம் குறைந்து 89,820 பதிவாகியிருந்தால், மென்பொருள் அவற்றை 2,994 விநாடிகளில் ஓட்டி முடித்துவிடும். படம் ஆறு விநாடி முந்திவிடுவதால்தான் பாட்டு பிந்துவதுபோலத் தெரிகிறது. ஒலியைச் சற்றுச் சுருக்கிப் பொருத்தலாமே என்று தோன்றும். ஆனால் பிரேம்கள் இருண்ட இடங்களில் மட்டுமே குறைந்திருப்பதால், முடிவு பொருந்தினாலும் நடுவில் மத்தள அடி விலகியே நிற்கும். நானும் இப்படி ஓர் இரவை வீணாக்கியிருக்கிறேன்.

உறுதிப்படுத்த MediaInfo என்ற இலவச மென்பொருளில் மூலக் கோப்பைத் திறந்து பாருங்கள். Frame rate mode என்ற வரியில் Variable என்றிருந்தால், வெட்டத் தொடங்குமுன் கோப்பை மாறா வேகத்துக்கு மாற்ற வேண்டும். HandBrake இதற்குப் போதும், அதுவும் இலவசம். Video பகுதியில் Framerate என்பதற்கு 30 என்றும், அதன் கீழே Constant Framerate என்றும் தெரிவு செய்யுங்கள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்: 30 என்று குறிக்காமல் Same as source என்றே விட்டுவிட்டால், கோப்பின் சராசரியான 29.94 போன்ற ஓர் ஒழுங்கற்ற எண் அமைந்து, எடிட்டிங் மென்பொருளில் மீண்டும் சிக்கல் எழலாம். தரத்துக்கு RF 18 வையுங்கள். கோப்பு மூலத்தைவிடப் பெரிதாகலாம் என்பதால் வன்தட்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டளை வரி பழகியவர்களுக்கு ffmpeg போதும்:

```
ffmpeg -i koothu.mp4 -vf fps=30 -c:v libx264 -crf 18 -c:a aac -b:a 192k koothu30.mp4
```

பிரேம் குறைந்த இடங்களில் முன்னைய பிரேமே மீண்டும் இடப்பட்டு 90,000 நிரம்பிவிடும். கூர்ந்து பார்த்தால் அந்த இடங்களில் அசைவு சற்றுத் தட்டும். பதிவாகாத பிரேமை எந்த மாற்றமும் திருப்பித் தராது. உங்கள் பழைய கணினியில் இந்த வேலைக்குப் பல மணி நேரம் ஆகலாம், இரவில் ஓடவிட்டுப் படுத்துவிடுங்கள். புதிய கோப்பின் தொடக்கம், நடு, முடிவு ஆகிய மூன்றிடத்திலும் மத்தளத்தில் கை விழும் கணத்தைச் சரிபார்த்த பின்பே வெட்டத் தொடங்குங்கள். ஏற்கெனவே வெட்டிய திட்டத்தில் கோப்பை மட்டும் மாற்றினால் வெட்டுப் புள்ளிகள் இடம் பெயர்ந்துவிடும் என்பதால், அதைப் புதிதாகத் தொடங்குவதே நல்லது. மூலக் கோப்பை அழிக்க வேண்டாம்.

அடுத்த கூத்துக்குச் செலவு செய்ய மனமிருந்தால், அந்தப் பணத்தில் மேடைக்கு இன்னும் இரண்டு விளக்குக் கேளுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் கமரா அமைப்பில் வீடியோப் பதிவுப் பகுதியிலுள்ள, வெளிச்சம் குறையும்போது பிரேம் எண்ணிக்கையைத் தானாக இறக்கும் Auto FPS என்பதை நிறுத்திவிடலாம்.