"வாங்கிட்டோம் அக்கா" என்கிறார்கள், கமிஷனைக் காணோமே?

கேள்வி: சமையல் சேனல் நடத்துகிறேன். இரும்பு தோசைக்கல் வீடியோவுக்குக் கீழே அமேசான் அஃபிலியேட் லிங்க் கொடுத்தேன். நிறைய பேர் "வாங்கிட்டோம் அக்கா" என்று கமெண்ட் போடுகிறார்கள். ஆனால் ரிப்போர்ட்டில் தோசைக்கல் ஒன்றிரண்டுதான். மற்றதெல்லாம் நான் வாயே திறக்காத பொருள்கள்! கணக்கில் தப்பா? அப்புறம், கமிஷன் வருவதைச் சொல்ல டிஸ்கிரிப்ஷனில் ஒரு வரி போட்டால் போதுமா?

பதில்: கணக்கு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அமேசான் குறித்துவைப்பது லிங்கைத் தட்டியவரின் அடுத்த 24 மணி நேரத்தை. அதற்குள் அவர் என்ன வாங்கினார் என்பது அதற்கு இரண்டாம்பட்சம். உங்கள் லிங்கையே பிரித்துப் பார்த்தால் இது புரியும்.

```
https://www.amazon.in/dp/B0XXXXXXXX?tag=dosaikal-21
```

`dp` என்பதற்குப் பின்னால் வரும் பத்து எழுத்து, பொருளின் அடையாளம். `tag=` என்பதற்குப் பின்னால் இருப்பது நீங்கள். இந்தியக் கணக்கு என்றால் அது `-21` என்று முடியும். ஒருவர் லிங்கைத் தட்டியதும், "இவர் இந்த டேக் வழியாக வந்தார்" என்று ஒரு குக்கி பதிவாகிறது. அதன் ஆயுள் 24 மணி நேரம்.

ஓர் ஆளை வைத்துப் பார்ப்போம். மதுரையில் ஒருவர் வெள்ளி இரவு 10 மணிக்கு உங்கள் லிங்கைத் தட்டுகிறார். தோசைக்கல்லைப் பார்க்கிறார், "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று விட்டுவிடுகிறார். சனிக்கிழமை காலை அதே போனில் பிள்ளைக்குச் செருப்பும் துணி சோப்பும் ஆர்டர் செய்கிறார். அந்தச் செருப்புக்கும் சோப்புக்கும் கமிஷன் உங்களுக்கு. ஞாயிறு மதியம் மனது வந்து, தானே தேடி தோசைக்கல்லை வாங்குகிறார். 24 மணி நேரம் தாண்டிவிட்டதால் அது உங்கள் கணக்கில் வராது. உங்கள் வீடியோவைப் பார்த்துத்தான் வாங்கினார், "வாங்கிட்டோம் அக்கா" என்று கமெண்டும் போட்டார். கமெண்டும் உண்மை, ரிப்போர்ட்டும் உண்மை.

அவரே வெள்ளி இரவு தோசைக்கல்லைக் கார்ட்டில் போட்டு வைத்திருந்தால் கதை வேறு. 24 மணி நேரத்துக்குள் கார்ட்டில் விழுந்த பொருளை அதன் பிறகு வாங்கினாலும், பொதுவாக 90 நாள் வரை, உங்களுக்குச் சேரும். "பிறகு வாங்குவதாக இருந்தால் கார்ட்டில் போட்டு வையுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்வதில் தப்பில்லை.

இன்னும் சில இடங்களில் கமிஷன் கழன்றுபோகும். நடுவில் அவர் வேறொரு யூடியூபரின் லிங்கையோ கூப்பன் தளத்தின் லிங்கையோ தட்டினால், கடைசியாக வந்த டேக்குக்குத்தான் பணம். தன் போனில் பார்த்த பொருளைக் கணவரின் போனில் தேடி வாங்கினாலும் போச்சு. ஷார்ட்ஸ் போடுகிறீர்கள் என்றால், 2023 ஆகஸ்ட் 31-லிருந்து அவற்றின் டிஸ்கிரிப்ஷனிலும் கமெண்ட்டிலும் கொடுக்கும் லிங்க் தட்டினாலும் திறக்காது. சிங்கப்பூரிலிருந்து பார்ப்பவர் அந்த ஊர் அமேசானில் வாங்கினால் உங்கள் இந்திய டேக் அங்கே செல்லாது.

வந்த ஆர்டரும் உடனே பணமாகாது. பொருள் அனுப்பப்பட வேண்டும், திரும்பி வரக்கூடாது. கமிஷனும் வரி, டெலிவரி கட்டணம் போக மிச்சத் தொகைக்குத்தான். 1,500 ரூபாய் கல்லில் வரி போக 1,400, அந்தப் பிரிவுக்கு 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் கையில் 70 ரூபாய். சதவீதம் பிரிவுக்குப் பிரிவு மாறும், அமேசான் அதை அவ்வப்போது மாற்றவும் செய்யும்.

லிங்கே பழுதா என்று சந்தேகம் இருந்தால், இன்காக்னிட்டோ ஜன்னலில் அதைத் திறந்து, முகவரிப் பட்டையில் உங்கள் டேக் இருக்கிறதா என்று பாருங்கள். டேக் இல்லாத வெறும் முகவரியை ஒட்டிவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. சோதனைக்கு என்று நீங்களே ஆர்டர் போட வேண்டாம்; சொந்த உபயோகத்துக்கு உங்கள் லிங்கில் வாங்குவதை அமேசான் அனுமதிப்பதில்லை. எந்த வீடியோ விற்கிறது என்று தெரிய, தோசைக்கல்லுக்கு ஒன்று, மிக்ஸிக்கு ஒன்று என்று தனித்தனி டேக், அதாவது டிராக்கிங் ஐடி, எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கணக்கில் பல ஐடி வைத்துக்கொள்ளலாம்.

சரி, சொல்வது எப்படி? டிஸ்கிரிப்ஷனில் ஒரு வரி போதாது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல், வீடியோவில் பரிந்துரைத்தால் வீடியோவுக்குள்ளேயே, ஒலியாகவும் எழுத்தாகவும் சொல்லச் சொல்கிறது. பணம் மட்டுமில்லை, இலவசமாக வந்த பொருளும் அதில் அடக்கம். விளம்பரத் தரக் கவுன்சிலான ஆஸ்கியின் 2021 விதி இன்னும் நுணுக்கமானது: 2 நிமிடமோ அதற்கு மேலோ ஓடும் வீடியோவில், அந்தப் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுக்க அறிவிப்பு திரையில் இருக்க வேண்டும். தவறான விளம்பரம் என்று முடிவானால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விழலாம்.

பலரும் போடுவது "அஃபிலியேட் லிங்க்" என்ற இரண்டு சொல். சட்னி அரைக்கக் கற்றுக்கொள்ள வந்தவருக்கு அது எதையும் சொல்லாது. "கமிஷன்" என்றால் எல்லோருக்கும் புரியும். இன்னொரு பிசகு, "இந்தத் தோசைக்கல்லை வாங்கினால் எனக்குச் சிறு தொகை வரும்" என்று எழுதுவது. செருப்புக்கும் சோப்புக்கும் வருகிறதே! அதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழு உண்மை. கல்லை எடுத்துக் காட்டும்போதே இப்படிச் சொல்லுங்கள்:

"கீழே இருக்கிற லிங்க் வழியா அமேசானுக்குப் போய் இதை வாங்கினாலும் வேற எதை வாங்கினாலும் எனக்குக் கமிஷன் வரும். அதுக்காக உங்களுக்கு விலை கூடாது."

அதே நேரம் திரையில் "லிங்க்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் உண்டு" என்று படிக்கக்கூடிய அளவில் இருக்கட்டும். டிஸ்கிரிப்ஷனில் இதை லிங்குக்கு மேலேயே, "மேலும்" என்று தட்டாமல் தெரியும் முதல் வரிகளில் போடுங்கள். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் சொருகினால் சொன்னதாகாது. அமேசான் தன் பங்குக்கு ஒரு வாசகம் கேட்கிறது. அதை அப்படியே சேர்த்துவிடுங்கள்:

```
As an Amazon Associate I earn from qualifying purchases.
```

கமிஷனையே பரிசாக்கிவிடாதீர்கள். "என் லிங்க்கில் வாங்கி ஆர்டர் நம்பர் அனுப்புங்க, குலுக்கலில் மிக்ஸி" என்பது அமேசான் விதிக்குப் புறம்பு, கணக்கே போய்விடலாம்.

அந்தத் தோசைக்கல்லை நிறுவனம் உங்களுக்குச் சும்மா அனுப்பியிருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள், கமிஷன் பற்றிய வாசகத்துக்குள் அது அடங்காது. "இது அவங்க இலவசமா அனுப்பினது, லிங்க்கில் வாங்கினா கமிஷனும் வரும்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடலாம். பழைய வீடியோக்களில் இப்போது குரல் சேர்க்க வழியில்லை. அவற்றுக்கு டிஸ்கிரிப்ஷனின் முதல் வரியைத் திருத்தி, அதையே பின் செய்த கமெண்டாகவும் போடுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ என்றால் புதிதாக எடுத்துப் போடுவதே மேல்.