சுக்கிரன் ராசி, செவ்வாய் ராசி: டயானாவின் ஜாதகத்தை வைத்து ஒரு பதில்

கேள்வி: மேற்கத்திய ஜோதிடத்தில் சுக்கிரன் நிற்கும் ராசியை வைத்து ஒருவர் காதலிக்கும் விதத்தையும், செவ்வாய் நிற்கும் ராசியை வைத்து அவருடைய வேகத்தையும் சொல்கிறார்களே, அதை எப்படிப் பார்ப்பது? என் ஜாதகத்தில் உள்ள ராசியையே எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து ராசியை அளக்கும் நிராயன முறை. அவர்களுடையது பருவ மாற்றத்தை வைத்து அளக்கும் சாயன முறை. இரண்டுக்கும் இடையே இப்போது சுமார் 24 பாகை வித்தியாசம். அதனால் பெரும்பாலானவர்களுக்குக் கிரகம் அங்கே அடுத்த ராசிக்குப் போய்விடும். இணையத்தில் கணிக்கும்போது சாயனத்தைக் குறிக்கும் ‘டிராபிகல்’ என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். சுக்கிரனும் செவ்வாயும் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு பாகையோ அதற்கும் குறைவாகவோதான் நகரும் என்பதால், பிறந்த நேரம் சரியாகத் தெரியாவிட்டாலும் இந்த இரண்டு ராசிகள் பெரும்பாலும் மாறாது.

பிரிட்டிஷ் இளவரசி டயானாவின் ஜாதகத்தை எடுத்துக்கொள்வோம். பிறப்பு 1961 ஜூலை 1, சாண்ட்ரிங்ஹாம். சாயன முறையில் சூரியன் கடகம் 9 பாகை, சுக்கிரன் ரிஷபம் 24, செவ்வாய் கன்னி 1. நம் முறையில் கணித்தால் சுக்கிரன் அதே ரிஷபத்தின் தொடக்கத்தில் நிற்கும்; செவ்வாயோ சிம்மத்துக்குப் போய்விடும். காதல் பலன் அப்படியே இருக்க, கோபத்தின் பலன் மட்டும் தலைகீழாகிவிடும்!

வானில் சுக்கிரன் சூரியனை விட்டு 48 பாகைக்கு மேல் விலகாது. ஆகவே சூரியன் கடகத்தில் உள்ளவருக்குச் சுக்கிரன் ரிஷபம் முதல் கன்னி வரையிலான ஐந்து ராசிகளில் ஒன்றில்தான் இருக்க முடியும். டயானாவுக்கு அது 45 பாகை விலகி, அந்தப் பின் எல்லைக்கு அருகில் நிற்கிறது. செவ்வாய்க்கு இப்படிப்பட்ட கட்டு எதுவும் இல்லை. எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

இனி பலன். ரிஷபம் சுக்கிரனின் சொந்த வீடு. அங்கே சுக்கிரன் நின்றால் அன்பு சொல்லில் அல்ல, தொடுதலில் வெளிப்படும் என்பார்கள். மெதுவாக மனம் கொடுப்பார். கொடுத்தால் விட மாட்டார். நிலையான வீடு, பழகிய கை, அன்றாடச் சுகம் இவைதான் அவருக்குக் காதல். 1987-இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளி ஒருவரின் கையைக் கையுறை இல்லாமல் பற்றிக் குலுக்கினார் அல்லவா, மேற்கத்திய ஜோதிடர் அதை ரிஷபச் சுக்கிரன் என்பார். நோயும் சேவையும் கன்னியின் துறை; எனவே அந்த இடத்துக்கு அவரைப் போக வைத்தது கன்னிச் செவ்வாய் என்பார். கன்னியில் செவ்வாய் உள்ளவர் கோபத்தில் மேசையைத் தட்ட மாட்டார். குறை கண்டுபிடிப்பார், தன்னையே நொந்துகொள்வார். ஆசையைக்கூட ஏதாவது வேலை செய்து கொடுத்துத்தான் காட்டுவார்.

ராசி அட்டவணை மட்டும் படிப்பவர் இத்தோடு நிறுத்திவிடுவார். ரிஷபமும் கன்னியும் நில ராசிகள், ஒன்றுக்கொன்று திரிகோணம். ஆகவே ஆசையும் செயலும் இணக்கமாகப் போகும் என்று எழுதிவிடுவார். பாகையைக் கூட்டிப் பாருங்கள். ரிஷபம் 24 முதல் கன்னி 1 வரை 97 பாகை. திரிகோணத்துக்கு 120 வேண்டும். இது உண்மையில் 90 பாகைச் சதுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சதுரம் என்றால் உரசல். வேண்டுவது ஒன்று, அதற்காகச் செய்வது இன்னொன்று என்று பலன் மாறிவிடும். போதாததற்குக் கும்பம் 25-இல் சந்திரன், சிம்மம் 23-இல் யுரேனஸ். இரண்டும் சுக்கிரனுக்குக் கிட்டத்தட்ட நேர் 90 பாகையில். நிலையான வீட்டை விரும்பும் சுக்கிரனை, திடீர் முறிவுக்குக் காரகனான யுரேனஸ் இடிக்கிறது. ராசியின் பெயர் கால்வாசிப் பலன் என்றால் மீதியைப் பாகைதான் சொல்லும் என்பது என் கட்சி.

செவ்வாய் கன்னிக்குள் வந்தது அவர் பிறப்பதற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்புதான் என்பதையும் கவனியுங்கள். ஒரு வாரம் முந்திப் பிறந்திருந்தால் சிம்மச் செவ்வாய். ‘மேடை ஏறினால் ஒளிர்பவர்’ என்று எழுதியிருப்பார்கள், அதுவும் அவருக்குப் பொருந்தியிருக்கும். வாழ்க்கை தெரிந்த பிறகு எந்த ராசியும் பொருந்தும் என்பதுதான் இந்த வாசிப்பின் பலவீனம். 1985-இல் ‘நேச்சர்’ இதழில் ஷான் கார்ல்சன் வெளியிட்ட சோதனையில், பிறப்பு ஜாதகத்துக்கு உரியவரின் குணவிவரம் எது என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி ஜோதிடர்களிடம் கேட்டார்கள். குருட்டாம்போக்கில் எடுத்தால் கிடைக்கும் அளவுக்குத்தான் அவர்கள் சரியாக எடுத்தார்கள்.

ஆகவே பொழுதுபோக்காகப் பாருங்கள். இதை வைத்து வரன் பார்க்க வேண்டாம். உங்கள் சுக்கிரனோ செவ்வாயோ 0, 1 பாகையிலோ 28, 29-லோ நின்றால் மட்டும் பிறந்த நேரத்தை ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் பலனைப் படியுங்கள்.