காலி வீட்டுக்கு எதைக் கொண்டுபோவது, எதை அங்கே வாங்குவது?

கேள்வி: கணவருக்கு ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் நகரில் வேலை. அடுத்த மாதம் இருவரும் போகிறோம். ஆளுக்கு இரண்டு 23 கிலோ பெட்டி. வாடகை வீடு காலியாகத்தான் இருக்கும், சமையலறை மேடைகூட இருக்காது என்கிறார்கள். குக்கர், மிக்ஸி, தோசைக்கல், படுக்கை விரிப்பு இதையெல்லாம் எடுத்துப் போகலாமா?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்களுக்குச் சொன்னது உண்மைதான். ஜெர்மனியில் பல வாடகை வீடுகளில் அடுப்பு, சிங்க், அலமாரி எதுவும் இருக்காது. சுவரில் தண்ணீர்க் குழாயும் அடுப்புக்கான மின்பெட்டியும் மட்டும் இருக்கும். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே, "சமையலறை வீட்டோடு வருகிறதா, முன்பு குடியிருந்தவர் விற்றுவிட்டுப் போகிறாரா?" என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் விற்பதாக இருந்தால், விலை நியாயமாகப் படும்பட்சத்தில் வாங்கிக்கொள்வதே நல்லது. கழற்றி எடுத்துப் போய் வேறு வீட்டில் பொருத்துவது அவருக்கும் தொல்லை என்பதால் பேரம் பேச இடம் உண்டு.

அப்படி எதுவும் அமையாவிட்டால், முதல் சில வாரங்களுக்கு சாதாரண பிளக்கில் செருகும் இரட்டைத் தட்டு மின்அடுப்பு ஒன்று போதும். நிரந்தரமான பெரிய அடுப்பு மும்முனை மின்சாரத்தில் ஓடுவது. அதை எலக்ட்ரீஷியன்தான் இணைக்க வேண்டும், நீங்களே கைவைக்காதீர்கள். பிளக்கில் செருகும் அடுப்பிலும் ஒரு கணக்கு இருக்கிறது. சாதாரண பிளக் பாயின்ட்டுகளுக்கு வரும் லைன் பெரும்பாலும் 16 ஆம்பியர், அதாவது சுமார் 3,600 வாட் தாங்கும். அந்த ஒரே லைனில் பல பாயின்ட்டுகள் இருக்கும். அடுப்பின் இரண்டு தட்டும் எரியும்போது அதே லைனில் 2,000 வாட் கெட்டிலையும் போட்டால் டிரிப் ஆகிவிடும். வீட்டில் ஏதோ கோளாறு என்று பதற வேண்டாம். ஒன்றை அணைத்துவிட்டு மெயின் பெட்டியில் கீழே விழுந்த சுவிட்சை மேலே தள்ளினால் சரியாகிவிடும்.

கடைசியில் உங்களுக்கு அமையப்போவது சூடாகிச் சிவக்கும் கண்ணாடி அடுப்பா, இன்டக்‌ஷனா என்று இப்போது தெரியாது. அலுமினிய குக்கர் இன்டக்‌ஷனில் சூடே ஆகாது. ஆகவே இன்டக்‌ஷன் பேஸ் உள்ள எவர்சில்வர் குக்கரை எடுங்கள், அது எந்த அடுப்பிலும் வேலை செய்யும். கடையில் ஒரு சின்ன காந்தத்தை அடிப்பாகத்தில் வைத்துப் பாருங்கள். இறுக்கமாக ஒட்டினால் வாங்கலாம், நழுவினால் வேண்டாம். அதே கம்பெனியின் கேஸ்கெட் இரண்டும் சேஃப்டி வால்வு ஒன்றும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே அதே அளவில் தேடிப் பிடிப்பது கஷ்டம். இட்லித் தட்டு தனிப் பாத்திரம் கேட்காமல் இந்தக் குக்கருக்குள்ளேயே இறங்கும் அளவாக இருக்கட்டும். உருண்டை அடியுள்ள இரும்புச் சட்டியை ஊரிலேயே விட்டுவிடுங்கள். தட்டையான அடுப்பில் அது ஒரு புள்ளியில்தான் படும்.

தோசைக்கல் இரும்பாக இருப்பதால் இன்டக்‌ஷனிலும் சூடாகும், ஆனால் அடி தட்டையாக இருக்க வேண்டும். பெரிய கல்லைவிட சுமார் 25 சென்டிமீட்டர் கல் நல்லது. அங்குள்ள அடுப்புகளில் வழக்கமான வட்டம் 18 சென்டிமீட்டர் அகலம்தான். கல் அதைவிட மிகப் பெரியதாக இருந்தால் நடுவில் கருகி ஓரத்தில் மாவாகவே இருக்கும். முழு வேகத்தில் வைக்காமல் நடுத்தரச் சூட்டில் ஏழெட்டு நிமிடம் காயவிடுங்கள். எடுத்தவுடன் உச்சத்தில் வைத்தால் வார்ப்பிரும்பு விரிசல் விடக்கூடும். கல்லைக் கண்ணாடி மேல் இழுக்காமல் தூக்கி வையுங்கள். வீட்டோடு வந்த அடுப்பில் கீறல் விழுந்தால் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பார்கள்.

மிக்ஸியைத் தாராளமாக எடுத்துப் போகலாம். இந்தியாவைப் போலவே ஜெர்மனியிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். (அமெரிக்கா போகிறவர்களுக்கு இது பொருந்தாது, அங்கே 120 வோல்ட்.) இடிப்பது நமது மூன்று முள் பிளக். பயணத்துக்கு விற்கும் அடாப்டர்கள் பலவற்றில் எர்த் இணைப்பே இருக்காது. போன் சார்ஜருக்குப் பரவாயில்லை, ஈரக்கையால் தொடும் மிக்ஸிக்கு ஆகாது. அங்கே ஹார்டுவேர் கடையில் ஜெர்மன் பிளக் ஒன்று வாங்கி, தெரிந்தவரை வைத்து ஒயரில் மாற்றிவிடுங்கள். பிளக்குக்குள் பச்சை எர்த் ஒயரை மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளமாக விடச் சொல்லுங்கள். ஒயர் இழுபட்டால் எர்த் கடைசியில்தான் கழல வேண்டும். கிரைண்டரை மறந்துவிடுங்கள். இரண்டு பேர் மாவுக்கு மிக்ஸியே போதும், அந்த எடையில் துணிமணி போகும்.

படுக்கையில் சிக்கனம் பார்த்து மெத்தையைத் தரையில் போட்டுப் படுப்பவர்கள் அதிகம். குளிர்காலத்தில் அது தவறு. உடம்பிலிருந்து வரும் ஈரம் மெத்தை வழியாக இறங்கிக் குளிர்ந்த தரையில் பட்டு நீராகிறது, காற்றுப்போக வழி இல்லாததால் அடியில் கரும்புள்ளியாகப் பூசணம் பிடிக்கிறது. பலகைக் கம்பிகள் வைத்த எளிய கட்டிலாவது வாங்குங்கள். அதற்கு வழியில்லாத நாட்களில் காலையில் எழுந்ததும் மெத்தையைச் சுவரில் சாய்த்துவிடுங்கள். அந்தச் சுவர் வெளிச்சுவராக இருக்கக் கூடாது. துணி அலமாரியையும் வெளிச்சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் விட்டு வைத்தால் அதன் பின்னால் பூசணம் வராது. கட்டிலைப் பழையதாக வாங்கலாம், மெத்தையைப் புதிதாக வாங்குங்கள்.

விரிப்பு விஷயத்தில் அளவு முக்கியம். அங்கே இருவருக்கான மெத்தை 140க்கு 200 அல்லது 180க்கு 200 சென்டிமீட்டர். 20 சென்டிமீட்டர் தடிமன் என்று வையுங்கள். 180 அகல மெத்தையின் மேலும் இருபக்கமும் மூட 220 வேண்டும், அப்புறம் அடியில் செருகவும் துணி வேண்டும். நமது வழக்கமான டபுள் விரிப்பு 90க்கு 100 அங்குலம், அதாவது சுமார் 229க்கு 254 சென்டிமீட்டர். அகலத்தில் செருகப் போதுமான மிச்சம் இல்லை. 108க்கு 108 அங்குல கிங் சைஸ் விரிப்பு 274 சென்டிமீட்டர் வரும். பக்கத்துக்கு 27 சென்டிமீட்டர் செருகலாம், 140 மெத்தைக்கும் உதவும். இதில் மூன்று எடுங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்து பவானி ஜமக்காளம் ஒன்று சேர்த்துக்கொண்டால், சோபா வாங்கும்வரை தரையில் விரித்து உட்கார உதவும். தலையணை உறை மட்டும் வேண்டாம். அங்கே தலையணை 80க்கு 80 சதுரமாகத்தான் பெரும்பாலும் கிடைக்கும், நம் உறை அதற்குப் பொருந்தாது. கம்பளிப் போர்வையும் பெட்டியை அடைத்துக்கொள்ளும், அங்கேயே வாங்குங்கள்.

விளக்கு இல்லாமல் வெறும் ஒயர் மட்டும் கூரையில் தொங்கும் என்பதையும் பலர் முதல் நாள் இரவில்தான் பார்க்கிறார்கள். பிளக்கில் செருகி நிற்க வைக்கும் விளக்கு ஒன்றைச் சாவி வாங்கும் நாளிலேயே வாங்கிவிடுங்கள். நம் ஊர் பல்புகளை எடுத்துப் போகாதீர்கள். இங்கே பெரும்பாலும் முள் வைத்து மாட்டும் ஹோல்டர், அங்கே திருகும் E27.

திரைச்சீலைக்குப் பழைய காட்டன் புடவை போதும். ஐந்தரை மீட்டரைக் குறுக்கே பாதியாக வெட்டினால் இரண்டு சீலை கிடைக்கும். ஆனால் கம்பியை ஜன்னல் குழிக்குள் மாட்டிவிடாதீர்கள். ஜெர்மன் ஜன்னல்கள் உள்பக்கமாகத் திறப்பவை, கதவு கம்பியில் இடிக்கும். பூசணம் வராமலிருக்க தினமும் சில நிமிடம் அவற்றை முழுக்கத் திறந்தாக வேண்டும். திறக்கும் கதவின் சட்டத்திலேயே ஒட்டும் கொக்கி வைத்து மெல்லிய கம்பி போட்டால் சீலையும் கதவோடு சேர்ந்து திரும்பும், சுவரில் துளையும் விழாது.

மேசை, நாற்காலி, அலமாரிக்கு அவசரப்படாதீர்கள். ஆன்லைன் பழைய பொருள் தளங்களில் `zu verschenken` என்று ஜெர்மனில் தேடினால் இலவசமாகக் கொடுக்கிறவர்கள் வருவார்கள். அலமாரி எடுக்கப் போகும்போது அது பிரித்து எடுக்கக்கூடியதா, மாடிப்படியில் இறங்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நீங்களேதான் கழற்றி எடுத்துவர வேண்டியிருக்கும், ஸ்குரூடிரைவரை மறக்க வேண்டாம்.